“14 என்று நான்தானே சொன்னேன்”: ஒரு ஆஃபர் லெட்டரும் ஐந்து மின்னஞ்சல்களும்

2025 மே மாதம், ஒரு புதன்கிழமை இரவு என் சித்தி மகள் போன் செய்தாள். பெருங்குடியில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்திலிருந்து ஆஃபர் லெட்டர் வந்திருந்தது. ஐந்தரை ஆண்டு அனுபவம், நான்கு சுற்று நேர்காணல், ஆண்டுக்கு 14 லட்சம் சிடிசி, அதாவது நிறுவனம் அவளுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. அப்போது அவள் வாங்கிக்கொண்டிருந்தது 9.8 லட்சம். சந்தோஷமாகப் பேச ஆரம்பித்தவள் இரண்டு நிமிடத்தில் குரல் இறங்கிப்போனாள்.

“அக்கா, இதுல 10 சதவீதம் வேரியபிளாம். ஃபிக்ஸட் 12.6தான். நான் 14ன்னு சொன்னப்போ ஃபிக்ஸட்னு நினைச்சுத்தான் சொன்னேன். இப்போ எப்படிக் கேக்குறது? 14ன்னு நான்தானே சொன்னேன்?”

ஃபிக்ஸட் என்பது நிலையான தொகை, வேரியபிள் என்பது முழுசாக வரும் என்று உறுதியில்லாத பகுதி. சென்னை மென்பொருள் நிறுவனங்களில் ஆள் எடுக்கும் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். இதே கேள்வியை மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். முதல் அழைப்பிலேயே ரெக்ரூட்டர் எதிர்பார்ப்பு என்ன என்று கேட்பார். நாம் வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொல்வோம். அவர் அதைச் சிடிசி என்ற பெட்டியில் எழுதிக்கொள்வார். ஒரு மாதம் கழித்து அந்த எண் கடிதமாகத் திரும்பி வரும். அதை மாற்றிக் கேட்க முடியுமா என்றால், முடியும். நான் அன்று சொன்னதற்கும் இன்று கேட்பதற்கும் நடுவில் எனக்குப் புதிதாக என்ன தெரியவந்தது என்று உண்மையாகச் சொல்ல முடிந்தால் போதும். அவள் விஷயத்தில் அப்படி இரண்டு செய்திகள் இருந்தன. அவற்றைக் கண்டுபிடிக்கத்தான் முதல் மின்னஞ்சல்.

கேட்பதற்கு முன் ஒரு கடிதம்

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த ஊதிய அட்டவணையை அவளைப் படிக்கச் சொன்னேன். அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப் படி, சிறப்புப் படி மூன்றும் சேர்த்து 11,30,000. நிறுவனம் கட்டும் பிஎஃப் 84,000. கிராஜுவிட்டி 33,670. காப்பீடு 12,330. வேரியபிள் 1,40,000. கூட்டினால் சரியாக 14 லட்சம். மாதாமாதம் வங்கிக்கு வரக்கூடியது முதல் வரியில் இருக்கும் 11,30,000 மட்டும். அதாவது மாதம் 94,167. அதிலும் அவளுடைய பங்கு பிஎஃப் 7,000 போய்விடும். கிராஜுவிட்டி என்பது அவள் ஐந்து ஆண்டு இருந்தால் கிடைக்கக்கூடிய பணம். அதை இந்த ஆண்டுச் சம்பளத்தில் சேர்த்துக் காட்டுவது நம் ஊர்க் கடிதங்களில் வழக்கம்.

வியாழக்கிழமை காலை அவள் அனுப்பிய மின்னஞ்சலில் பணம் கேட்கவே இல்லை. நன்றி சொல்லி மூன்று கேள்விகள் கேட்டாள். வேரியபிள் எதைப் பொறுத்து, எப்போது கொடுக்கப்படுகிறது, சென்ற ஆண்டு எத்தனை சதவீதம் கொடுக்கப்பட்டது? கடைசிச் சுற்றில் மேலாளர் ஆன்-கால் பொறுப்பு உண்டு என்றாரே, அது எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, அதற்குத் தனிப் படி உண்டா? இப்போதைய வேலையில் இழக்கும் போனஸை ஈடுகட்ட ஏதாவது வழி இருக்கிறதா?

ரெக்ரூட்டர் வெள்ளிக்கிழமை பதில் போட்டார். வேரியபிள் நிறுவனத்தின் லாபத்தையும் பொறுத்தது, ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கப்படும், சென்ற ஆண்டு 82 சதவீதம். ஆன்-கால் நான்கு வாரத்துக்கு ஒரு வாரம், தனிப் படி கிடையாது. போனஸ் ஈடு, “விவரம் கொடுத்தால் பார்க்கலாம்.”

இந்தப் பதில்தான் அவளுடைய பலம். 14 என்று சொன்ன நாளில் வேரியபிள் இருப்பதும் தெரியாது, மாதத்தில் ஒரு வாரம் இரவில் போன் பக்கத்திலேயே தூங்க வேண்டும் என்பதும் தெரியாது. இப்போது இரண்டும் நிறுவனத்தின் கையெழுத்தில் இருந்தன.

அனுப்பாமல் விட்ட வரைவு

சனிக்கிழமை அவள் எனக்கு ஒரு வரைவு அனுப்பினாள். நல்ல பெண், நேர்மையாக எழுதியிருந்தாள். வீட்டுக் கடன் தவணை மாதம் 31 ஆயிரம், அப்பாவின் மருந்துச் செலவு, கல்லூரித் தோழி 18 லட்சம் வாங்குகிறாள், சந்தை நிலவரப்படி 16 முதல் 18 வரை எதிர்பார்க்கிறேன், கொஞ்சம் பரிசீலித்து உதவுங்கள்.

இதை நான் அனுப்ப விடவில்லை. காரணம், இந்த மின்னஞ்சலை முடிவு செய்பவர் படிக்கப்போவதே இல்லை. கடிதம் அனுப்பிய ரெக்ரூட்டருக்குப் பெரும்பாலும் சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் கிடையாது. அவர் ஊதியக் குழுவிடம் கேட்க வேண்டும். குழு, அந்தப் பிரிவின் தலைவரிடமும் நிதிப் பிரிவிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த மூன்று பேரும் அவளைப் பார்த்ததில்லை. அவர்கள் திரையில் தெரிவது ரெக்ரூட்டர் எழுதும் நான்கு வரிதான்: பெயர், இப்போதைய சம்பளம், கேட்கும் சம்பளம், காரணம். காரணம் என்ற இடத்தில் “வீட்டுக் கடன்” என்று எந்த ரெக்ரூட்டரும் எழுத மாட்டார். “தோழி 18 வாங்குகிறார்” என்றும் எழுத மாட்டார். ஒன்றும் எழுத முடியாமல் மின்னஞ்சலை மூடிவிட்டு, பேண்ட், அதாவது அந்த நிலைக்கான சம்பள வரம்பு, உச்சத்தில் இருக்கிறது என்று ஒரு பதில் போட்டுவிடுவார். அது பொய்யாகவும் இருக்காது, முழு உண்மையாகவும் இருக்காது.

ரெக்ரூட்டர் ஒரு எழுத்துகூட மாற்றாமல் மேலே அனுப்பக்கூடிய மின்னஞ்சல்தான் வேலை செய்யும். அவருடைய ஒப்புதல் குறிப்பை நாமே எழுதிக் கொடுப்பது போல. என்ன தொகை, அட்டவணையின் எந்த வரியில், ஏன், கொடுத்தால் நிறுவனத்துக்கு என்ன உறுதி என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும்.

16 முதல் 18 வரை என்று வீச்சாகக் கேட்பதும் தவறு. வீச்சு கொடுத்தால் கீழ் எண்தான் கோரிக்கை, மேல் எண்ணை யாரும் படிப்பதில்லை. சிடிசியில் கேட்பதும் தவறு. சிடிசியை உயர்த்து என்றால் எந்த வரி நிறுவனத்துக்கு லேசோ அதை உயர்த்துவார்கள். பெரும்பாலும் அது வேரியபிள்.

இன்னொரு யோசனையும் அவளுக்கு இருந்தது. கையில் வேறொரு ஆஃபர் இருப்பதாகச் சொல்லிவிடலாமா என்று. வேண்டாம் என்று சொன்னேன். அடுத்த கேள்வியே “அந்தக் கடிதத்தின் நகலை அனுப்ப முடியுமா” என்பதாகத்தான் இருக்கும். என் அனுபவத்தில் ஆஃபர் திரும்பப் பெறப்பட்டது இரண்டே முறை. ஒன்று, காட்டிய போட்டிக் கடிதத்தில் எண் திருத்தப்பட்டிருந்தது தெரிந்தபோது. இன்னொன்று, திருத்திய கடிதம் கொடுத்த பிறகும் மூன்றாவது முறையாக வந்து கேட்டபோது. மரியாதையாக, காரணத்தோடு ஒருமுறை கேட்டதற்காக ஆஃபர் போனதை நான் பார்த்ததில்லை. ஆனால் வளாகத் தேர்வில் வரும் புதியவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். ஒரே தொகுதியில் எல்லாருக்கும் ஒரே சம்பளம் என்று முடிவான இடத்தில் கேட்பதற்கு இடமே இல்லை.

திங்கட்கிழமை மின்னஞ்சல்

மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் போனது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

> வணக்கம். கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் தந்ததற்கு நன்றி. இந்தக் குழுவில் சேர விரும்புகிறேன். கட்டணக் கணக்குகளைச் சரிபார்க்கும் சேவையைப் புதிய தளத்துக்கு மாற்றும் பணியை நான் ஏற்க வேண்டும் என்று மேலாளர் சொன்னார். அதே பணியை இப்போதைய நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள் செய்திருக்கிறேன்.
>
> முதல் உரையாடலில் நான் 14 லட்சம் என்று சொன்னது வேரியபிள் நீங்கலான தொகையை மனதில் வைத்து. அதை அப்போதே தெளிவாகச் சொல்லாதது என் தவறு. கடிதத்தில் நிலையான தொகை 12,60,000 ஆக இருக்கிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை தனிப் படி இல்லாத ஆன்-கால் பொறுப்பு இருப்பதும் அதன் பிறகே தெரிந்தது. ஆகவே நிலையான தொகையை 14,00,000 ஆக்கித் தர வேண்டுகிறேன்.
>
> ஜூலையில் எனக்கு வர வேண்டிய 60,000 ரூபாய் ஆண்டுப் போனஸ், நோட்டீஸில் இருப்பவர்களுக்குக் கிடையாது. அதற்கான கொள்கைப் பக்கத்தை இணைத்திருக்கிறேன். இதை ஜாயினிங் போனஸாக ஒருமுறை ஈடுகட்ட முடியுமா என்று பாருங்கள்.
>
> இவை இரண்டும் திருத்திய கடிதத்தில் வந்தால் அன்றே கையெழுத்திட்டு, மறுநாள் ராஜினாமா கொடுத்து, அதற்கான ஒப்புகையை உங்களுக்கு அனுப்புகிறேன். ஆஃபரின் கெடு புதன்கிழமை முடிகிறது. பதில் வரும்வரை அதை வெள்ளிவரை நீட்டித்து ஒரு வரி அனுப்பினால் உதவியாக இருக்கும்.

இதில் கடைசிப் பத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் உண்மையான விலை அதற்குத்தான். இங்கே நோட்டீஸ் பீரியட் பல நிறுவனங்களில் 90 நாள். ஒருவர் ஆஃபரை ஏற்றுக்கொண்ட பிறகும் மூன்று மாதம் வெளியில் இருக்கிறார். அந்த மூன்று மாதத்தில் அந்தக் கடிதத்தைக் காட்டியே வேறு இரண்டு ஆஃபர் வாங்கி, சேரும் நாளன்று போனை எடுக்காமல் போனவர்கள் எத்தனையோ பேர். ரெக்ரூட்டரின் மிகப் பெரிய பயம் சம்பள உயர்வு இல்லை, சேராமல் போவது. அதனால் “யோசித்துச் சொல்கிறேன்” என்று முடியும் கோரிக்கைக்கு மேலே ஒப்புதல் கிடைப்பது கஷ்டம். கூட்டிக் கொடுத்த எண்ணை வைத்து இந்தப் பெண் இன்னொரு இடத்தில் பேரம் பேசப்போகிறாள் என்று நினைப்பார்கள். “கொடுத்தால் அன்றே கையெழுத்து, மறுநாள் ராஜினாமா, ஒப்புகை உங்கள் கையில்” என்று எழுதினால் அந்தப் பயம் போய்விடுகிறது. அதைச் சொல்வதற்குச் செலவும் இல்லை, நிஜமாகவே சேர விரும்பினால்.

ஆனால் தன் கையில் இல்லாததை வாக்குக் கொடுக்கக்கூடாது. 60 நாளில் வந்துவிடுகிறேன் என்று எழுதலாமா என்று கேட்டாள். இப்போதைய மேலாளர் விடுவிக்காவிட்டால் வார்த்தை தவறியவள் ஆவாள். அந்த வரியை எடுத்துவிட்டோம்.

போன் வந்தது

மின்னஞ்சல் போய் நாற்பது நிமிடத்தில் ரெக்ரூட்டர் அழைத்தார். இது எப்போதும் நடக்கும். மின்னஞ்சலில் பதில் சொன்னால் அது பதிவு. போனில் குரலின் தயக்கத்தைக் கேட்கலாம், இருப்பதிலேயே முடித்துவிட முடியுமா என்று பார்க்கலாம். நானும் அப்படி எத்தனையோ அழைப்புகள் செய்திருக்கிறேன். அது அவருடைய வேலை, அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

அவர் மூன்று விஷயங்கள் சொன்னார். ஏற்கெனவே 43 சதவீத உயர்வு கொடுத்திருக்கிறோம் மேடம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களின் சம்பளத்தோடு ஒத்துப்போக வேண்டும். இப்போது சேருங்கள், ஆறு மாதத்தில் ஒரு மறுபரிசீலனை செய்துவிடலாம்.

முதலாவதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. பழைய சம்பளத்திலிருந்து எத்தனை சதவீதம் என்பது புதிய வேலையின் மதிப்பைச் சொல்வதில்லை, பழைய நிறுவனம் குறைவாகக் கொடுத்ததைத்தான் சொல்கிறது. ஆனால் அதைப் போனில் வாதாடினால் கசப்புதான் மிஞ்சும்.

இரண்டாவது, உற்றுக் கேட்க வேண்டியது. “மற்றவர்களோடு ஒத்துப்போக வேண்டும்” என்று சொன்னால், குழுவில் அதே நிலையில் யாரோ ஒருவர் இருக்கிறார், அவரை அதிகம் தாண்ட முடியாது என்று அர்த்தம். நிலையான தொகையில் கொஞ்சம் இடம் இருக்கும், நிறைய இருக்காது. அதே சமயம் ஒருமுறைத் தொகைக்கு இந்தத் தடை கிடையாது. ஜாயினிங் போனஸ் அடுத்த ஆண்டின் உயர்வுக் கணக்கில் வராது, பக்கத்து இருக்கைக்காரரின் சம்பளத்தோடு ஒப்பிடப்படாது, பல நிறுவனங்களில் அதற்கான பணம் வேறு கணக்கிலிருந்து வருகிறது. நிலையான தொகைக்கு “முடியாது” என்றவர்களே ஒருமுறைத் தொகைக்கு ஒரே நாளில் சரி சொல்வதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, காற்றில் எழுதிய எழுத்து. கடிதத்தில் இல்லாத மறுபரிசீலனையை ஆறு மாதம் கழித்து யாரிடம் போய்க் கேட்பது? அந்த ரெக்ரூட்டரே அப்போது வேறு நிறுவனத்தில் இருக்கலாம்.

அவள் போனில் ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. “சொன்னதற்கு நன்றி, யோசித்துப் பார்க்கிறேன், மேலே கேட்டுவிட்டு மின்னஞ்சலில் சொல்லுங்கள்” என்று முடித்தாள். வைத்தவுடன் பேசியதை மூன்று வரியில் சுருக்கி அனுப்பினாள்: நிலையான தொகையை ஊதியக் குழுவிடம் எடுத்துப்போகிறீர்கள், ஜாயினிங் போனஸ் தனியாகப் பார்க்கிறீர்கள், கெடு வெள்ளிவரை நீட்டிக்கப்பட்டது, நான் புரிந்துகொண்டது சரிதானே என்று. “ஆமாம்” என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. கெடு நீண்டது எழுத்தில் வந்துவிட்டது.

15 லட்சம் என்ற நல்ல செய்தி

செவ்வாய் மாலை வந்த மின்னஞ்சல்: மகிழ்ச்சியான செய்தி, உங்களுக்காகச் சிறப்பு ஒப்புதல் வாங்கியிருக்கிறோம், உங்கள் திருத்திய தொகை 15,00,000. அவள் துள்ளிக் குதித்து எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாள். இணைப்பைத் திறந்து பார் என்றேன்.

இணைப்பில் சிடிசி 14,40,000. ஜாயினிங் போனஸ் 60,000. இரண்டையும் கூட்டி 15. நிலையான தொகை 12,60,000இலிருந்து 12,96,000 ஆகியிருந்தது. மாதத்துக்கு மூவாயிரம்தான். ஒருமுறை வரும் பணத்தைச் சம்பளத்தோடு கூட்டிச் சொன்னதால் எண் அழகாகத் தெரிந்தது. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், எல்லாம் அட்டவணையில் எழுதியே இருந்தது. ஆனால் மின்னஞ்சலின் முதல் வரியை மட்டும் படித்தவர்கள் இரண்டாம் ஆண்டு சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் விழிப்பார்கள். இதற்கு ஒரே சோதனை, “இரண்டாம் ஆண்டில், வேரியபிள் இல்லாமல், எனக்கு எவ்வளவு” என்று கேட்டுப் பார்ப்பது.

இங்கேதான் நான் அவளிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசினேன். இன்னும் ஒரே ஒரு முறைதான் கேட்கலாம். 14 லட்சம் நிலையானது வராது, அது தெரிந்துவிட்டது. முதலில் கேட்டதையே திரும்பக் கேட்டால் பிடிவாதம் என்று ஆகிவிடும். எந்த எண்ணுக்கு மனதில் குறையில்லாமல் கையெழுத்துப் போடுவாய், அதை முடிவு செய்துகொண்டு எழுது என்றேன். இரவெல்லாம் யோசித்து 13.5 என்றாள். வேரியபிள் முழுசாக வராவிட்டாலும் 13.5 இருந்தால் தவணையும் வீடும் நடக்கும், ஆன்-கால் வாரத்துக்கும் மனசு ஒத்துக்கொள்ளும்.

புதன் காலை அனுப்பியது ஐந்து வரிதான். ஒப்புதல் வாங்கியதற்கு நன்றி. ஜாயினிங் போனஸை அப்படியே ஏற்கிறேன். நிலையான தொகையில் என் கோரிக்கையை 14,00,000இலிருந்து 13,50,000 ஆகக் குறைத்துக்கொள்கிறேன், வேரியபிள் 10 சதவீதம் அப்படியே இருக்கட்டும். ஜாயினிங் போனஸைச் சிடிசியில் சேர்க்காமல் தனி வரியாகக் காட்ட வேண்டுகிறேன். இது வந்தால் வேறு எதையும் கேட்கப்போவதில்லை, இன்றே கையெழுத்திடுகிறேன்.

“வேறு எதையும் கேட்கப்போவதில்லை” என்ற அந்த வாக்கியம் முக்கியமானது. மேலே இருப்பவர்கள் சரி சொல்லத் தயங்குவதற்குப் பாதிக் காரணம், இதற்குச் சரி சொன்னால் அடுத்து இன்னொன்று வரும் என்ற நினைப்பு.

வியாழன் மதியம் திருத்திய கடிதம் வந்தது. சிடிசி 15,00,000, நிலையானது 13,50,000, வேரியபிள் 1,50,000, ஜாயினிங் போனஸ் 60,000 தனி வரியில். அவள் கடிதத்தை முதலிலிருந்து மறுபடி படித்தாள், அதுவும் நல்லதாகப் போயிற்று. போனஸுக்கு ஒரு புதிய விதி சேர்ந்திருந்தது: 12 மாதத்துக்குள் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். பதினொரு மாதம் வேலை செய்தவரும் முழுசாகத் தர வேண்டும். அதுவும் டிடிஎஸ் பிடித்தது போகக் கையில் வந்த தொகை இல்லை, பிடிப்பதற்கு முந்தைய 60,000. வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பக் குறைக்க முடியுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் வேறு எதையும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. ஓராண்டுக்குள் விலகும் எண்ணமும் இல்லை. விட்டுவிட்டாள். அன்று மாலை கையெழுத்து, மறுநாள் காலை ராஜினாமா. அதுவரை பழைய அலுவலகத்தில் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. திருத்திய கடிதம் கையில் வரும் முன்பு ராஜினாமா கொடுத்தவருக்குப் பேச்சுவார்த்தை என்று ஒன்று மிச்சமிருக்காது.

உயர்வு எங்கே போகிறது

பேசி வாங்கிய ஒரு லட்சத்தில் கைக்கு எவ்வளவு வரும் என்று அந்த வார இறுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இதை முன்பே போட்டிருக்க வேண்டும், அது என் பிழை.

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில், 75,000 ரூபாய் நிலைக் கழிவுக்குப் பிறகு வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் வரியே கிடையாது. முதல் கடிதத்தின்படி சம்பளம் 11,30,000, வேரியபிள் முழுசாக வந்தால் 1,40,000, மொத்தம் 12,70,000. கழிவு போக 11,95,000. வரி பூஜ்யம். திருத்திய கடிதத்தில் சம்பளம் 12,11,595, வேரியபிள் 1,50,000. கழிவு போக 12,86,595. வரி, செஸ்ஸோடு சேர்த்து 75,909.

அதாவது சம்பளத்திலும் வேரியபிளிலும் கூடுதலாக வரும் 91,595 ரூபாயில் கிட்டத்தட்ட 76,000 வரியாகப் போய்விடும். 12 லட்சத்தைச் சற்றே தாண்டுபவர்களுக்கு வரம்புச் சலுகை ஒன்று உண்டு, ஆனால் அது ஏறக்குறைய 12.7 லட்சத்தோடு தீர்ந்துவிடுகிறது. அவள் அதற்கும் கொஞ்சம் மேலே போய் நின்றாள். முதல் ஆண்டில் இது வெளியே தெரியாது. ஜூலை வரை பழைய சம்பளம், ஆகஸ்டிலிருந்து புதியது என்பதால் அந்த ஆண்டின் மொத்த வருமானம் வரம்புக்குள் நின்றுவிடும். அடி விழுவது அடுத்த ஏப்ரலிலிருந்து.

அப்படியானால் பேசியதே வீணா? இல்லை. அடுத்த உயர்வு எல்லாம் இந்த அடித்தளத்தின் மேல்தான் ஏறும், பிஎஃப்பும் கூடுகிறது. ஆனால் அன்றே தெரிந்திருந்தால் திங்கட்கிழமை மின்னஞ்சலில் இன்னொரு கேள்வியும் போயிருக்கும்: தேசிய ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ் கணக்கில் நிறுவனம் பணம் செலுத்தும் வசதி உண்டா? புதிய வரி முறையிலும் அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை நிறுவனம் என்பிஎஸ்ஸில் செலுத்தினால் அதற்கு வரி இல்லை. அவளுடைய அடிப்படை 7,50,000. அதில் 14 சதவீதம் 1,05,000. சிறப்புப் படியில் அந்தத் தொகையைக் குறைத்து என்பிஎஸ்ஸுக்கு மாற்றினால் வரிக்குரிய வருமானம் 11,81,595 ஆக இறங்கி மறுபடி 12 லட்சத்துக்குள் வந்துவிடும். நிறுவனத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை, அதனால் யாருடைய ஒப்புதலும் தேவைப்படாது. அது ஓய்வுக்காலப் பணம், நினைத்தபோது எடுக்க முடியாது என்பது மட்டும்தான் இடைஞ்சல்.

ஆகஸ்டில் சேர்ந்த பிறகு கேட்டாள். வசதி இருந்தது, ஆனால் அந்த நிறுவனத்தில் ஏப்ரலில் மட்டும்தான் படிவம் திறக்குமாம். போன ஏப்ரலில் அதைத் தேர்வு செய்துவிட்டாள். வரியாக மாதம் 6,300 சொச்சம் பிடிப்பதற்குப் பதிலாக இப்போது 8,750 அவள் பெயரிலேயே சேர்கிறது. கைக்கு வருவதில் குறைவது மாதம் சுமார் 2,400 ரூபாய்தான்.